எறும்புச் சாக்கும் பல்லிப் பயமும்: பள்ளிச் சமையல்கூடத்து அக்காமார்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களுக்கும் தங்கைமார்களுக்கும்,

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கத்துப் பள்ளிகளில் விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்துக் காலை உணவு ஆக்குகிற சுய உதவிக் குழுப் பெண்களுக்கும், மத்தியானச் சத்துணவு ஆக்குகிற சமையலர்களுக்கும் உதவியாளர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் பூச்சியியல் படித்தவள். படிப்பு பெரும்பாலும் வயல் பூச்சிகளைப் பற்றியதுதான் என்றாலும், பள்ளிச் சமையல்கூடங்களுக்குள் போகும்போதெல்லாம் என் கண் முதலில் அலமாரியின் மேல்தட்டுக்குத்தான் போகும். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் அந்தத் தட்டில் உப்பு டப்பா, சோடா உப்புப் பொட்டலம், சிறு பிளாஸ்டிக் பையில் கட்டிய வெள்ளைத் தூள் ஆகிய மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அந்தத் தூள் என்னவென்று கேட்டேன். "எறும்பு மருந்துங்க, சந்தையில வாங்குனது" என்றார் சமைக்கிற அம்மா. பெயர் இல்லை, சீட்டு இல்லை. கை தவறினால் உப்புமாவில் விழுவது எதுவாகவும் இருக்கலாம்.

அந்த அம்மா கவனக்குறைவானவர் அல்ல. பல்லி விழுந்துவிடுமோ, ரவையில் எறும்பு ஏறிவிடுமோ என்று நாள்தோறும் பயந்து வேலை செய்கிறவர். சாம்பாரில் பல்லி கிடந்தது என்று ஒரு செய்தி வந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் சமைத்தவர்தான். அந்தப் பயத்தில்தான் சாக்பீஸ், ஸ்ப்ரே டின், பாச்சை உருண்டை, தூள் எல்லாம் சமையல்கூடத்துக்குள் வந்து சேர்கின்றன. எறும்பாலும் பல்லியாலும் குழந்தைகளுக்கு வரக்கூடிய கெடுதலைவிட, அவற்றை விரட்டக் கொண்டுவருகிற பொருளால் வரக்கூடிய கெடுதல் பெரிது. எந்தப் பொருள் எவ்வளவு கெடுதல், எது வேலைக்கே ஆகாது, எதை வைத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்கக்கூடிய ஒரு சம்பவத்திலிருந்து தொடங்க வேண்டும். 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரன் மாவட்டத்தில், தர்மசதி கண்டாமன் என்ற ஊரின் தொடக்கப் பள்ளியில் மத்தியானச் சோறு சாப்பிட்ட குழந்தைகளில் 23 பேர் இறந்துபோனார்கள். அன்றைய சாப்பாடு சோறும் உருளைக்கிழங்கு சோயா கறியும். கறி கசக்கிறது என்று குழந்தைகள் சொன்னார்கள். எண்ணெய் சரியில்லை என்று சமைத்த பெண் சந்தேகப்பட்டதாகவும் செய்திகள் வந்தன. அவரும் அதைச் சாப்பிட்டு மருத்துவமனைக்குப் போனார். ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது கறியிலும் எண்ணெயிலும் எண்ணெய் இருந்த பாத்திரத்திலும் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது தெரிந்தது. வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து அது. நம் ஊர்த் தோட்டத்துச் சாளைகளில் பருத்திக்கும் தென்னைக்கும் பல வருடம் புழங்கிய அதே மருந்து. யாரும் குழந்தைகளைக் கொல்ல நினைக்கவில்லை. சாப்பாட்டுப் பொருளும் பூச்சிமருந்தும் ஒரே இடத்தில், ஒன்றுக்கான பாத்திரத்தில் இன்னொன்று என்று புழங்கியதுதான் நடந்தது. சந்தையில் வாங்கிய வெள்ளைத் தூள் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பள்ளிதான் நினைவுக்கு வந்தது.

அதனால் முதல் வேண்டுகோள் தூளைப் பற்றி. சீட்டு இல்லாத எந்தப் பொட்டலமும் சமையல்கூடத்தில் இருக்கக் கூடாது. எறும்புப் பொடி என்று விற்பவை பலவற்றில் மாலத்தியான், ஃபென்வலரேட் போன்ற மருந்து கலந்திருக்கும். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தூவிய கமாக்சின் இன்று நாட்டில் தடை செய்யப்பட்டது. வயலில் மிச்சமான குருணை மருந்தைப் பொடக்காளியில் எறும்புப் புற்றுக்குப் போடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் ஃபோரேட் குருணையை 2020 டிசம்பர் 31க்குப் பிறகு இந்தியாவில் பயன்படுத்தவே கூடாது. காற்றடித்தால் தூள் பறக்கும், சீமாற்றில் ஒட்டும், கூட்டினால் அரிசி மூட்டைக்கு அடியில் போய்ச் சேரும். அத்துடன் அது மைதாவைப்போலவும் சோடா உப்பைப்போலவும் இருக்கிறது. இத்தனை கெட்ட குணமும் ஒன்றாகச் சேர்ந்த பொருள் இந்த வரிசையில் வேறு இல்லை.

அடுத்தது சாக்பீஸ். லட்சுமண ரேகை என்று நாம் பொதுப்பெயராகவே சொல்லிப் பழகிவிட்ட எறும்புச் சாக்கு. இது தடை செய்த பொருள் அல்ல. வீட்டு உபயோகத்துக்கு என்று பதிவு செய்து, சைபர்மெத்ரின் அல்லது டெல்டாமெத்ரின் கலந்து விற்கிறார்கள். சைபர்மெத்ரின் சாக்கு 1 சதவீத அளவில் வரும். அதாவது 10 கிராம் எடையுள்ள ஒரு துண்டில் 100 மில்லிகிராம் மருந்து. இந்த வகை மருந்துகள் எறும்பின் நரம்பைத் தாக்கி முடக்கும். மனித உடம்பு இவற்றை ஓரளவு வேகமாக உடைத்து வெளியேற்றிவிடும் என்பதால், மோனோகுரோட்டோபாஸ் போல ஆளைக் கொல்கிற ரகம் அல்ல. சாக்கைக் கடித்துவிட்ட குழந்தைகள் பெரும்பாலும் வாந்தி, வாய் எரிச்சலோடு தப்பிவிடுகிறார்கள். அதிகமாக உள்ளே போனால் வலிப்பு வரை போகும்.

பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் வாழ்நாள் முழுக்க நாள்தோறும் உட்கொண்டாலும் கெடுதல் வராது என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு சைபர்மெத்ரினுக்கு வைத்திருக்கிற அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது நாளைக்கு 0.3 மில்லிகிராம். 1 சதவீதச் சாக்கில் 0.3 மில்லிகிராம் மருந்து 30 மில்லிகிராம் தூளுக்குள் இருக்கிறது. கோடு இழுத்து முடித்ததும் விரலில் வெள்ளையாக ஒட்டியிருக்குமே, அந்த அளவு. ஒருநாள் அந்த விரல் பட்டால் குழந்தைக்கு உடம்புக்கு வந்துவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்த அளவுக்குள் நிறையப் பாதுகாப்பு இடைவெளி வைத்துத்தான் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் வாரத்துக்கு இரண்டு முறை மேடையைச் சுற்றிக் கோடு போட்டு, அதே கையால் ரவையை அளந்து போடுகிற இடத்தில் அந்த இடைவெளி நாளுக்கு நாள் கரைகிறது. பள்ளி என்பதால் இன்னொரு ஆபத்தும் கூட இருக்கிறது. கரும்பலகையில் எழுதுகிற சாக்பீஸும் இதுவும் பார்வைக்கு ஒன்றுதான். ஒன்றாம் வகுப்புக் குழந்தை கீழே கிடந்த துண்டை எடுத்துத் தரையில் எழுதும், பிறகு வாயில் வைக்கும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, அங்கே கள்ளத்தனமாக விற்கும் இப்படிப்பட்ட பூச்சிச் சாக்குகளை வாங்காதீர்கள் என்று எச்சரிப்பதற்குக் குழந்தைகள் அதை எழுதுகிற சாக்பீஸாக நினைத்துவிடுவதும் ஒரு காரணம்.

வேலைத்திறமையிலும் சாக்கு நாம் நினைக்கிற அளவு நல்லது அல்ல. காய்ந்த கோட்டைத் தாண்டுகிற எறும்பு சாகும், உண்மை. ஈரம் பட்ட கோடு பயனற்றது, சமையல்கூடத்தில் ஈரம் இல்லாத இடம் குறைவு. கோட்டில் சாவது இரை தேடி வெளியே வந்த எறும்புகள் மட்டும்தான். புற்றுக்குள் ராணியும் குஞ்சுகளும் பத்திரமாக இருக்கும். இரண்டு நாளில் வேறொரு விரிசல் வழியாக வரிசை வந்துவிடும்.

ஸ்ப்ரே டின்னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் அது சமையல்கூடத்துக்கு வரவே கூடாது. அதிலும் பெரும்பாலும் இதே வகை மருந்துதான். ஆனால் அதை வெளியே தள்ளுவது டின்னுக்குள் அடைத்த எரிவாயு. நம் ஊர் டின்கள் பலவற்றில் அது சமையல் எரிவாயு வகைதான். அடுப்பு எரியும்போதோ, அணைத்த கையோடோ அடித்தால் தீப்பிடிக்கும். காற்றில் மிதக்கும் துளிகள் குண்டாவிலும் கரண்டியிலும் தட்டுகளிலும் படியும். மூடிய அறையில் அடித்தவருக்கு முகத்தில் ஊசி குத்துவதுபோல் சுருசுருவென்று இருப்பதும் தொண்டை கரகரப்பதும் அந்த மருந்தின் அடையாளங்கள்தான். சில வகைச் சிற்றெறும்புகள் விஷயத்தில் ஸ்ப்ரே நேர்மாறாகவும் வேலை செய்யும். மருந்து வாடை பட்டதும் ஒரு கூட்டம் இரண்டு மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனி ராணியோடு தனிப் புற்றாகிவிடும். ஒரு மூலையில் இருந்த எறும்பு, ஸ்ப்ரே அடித்து ஒரு வாரத்துக்குப் பிறகு மூன்று மூலையிலும் வந்தால் நடந்தது அதுதான்.

மருந்துதானே கெடுதல், இயற்கையாக ஏதாவது வைத்துவிடலாம் என்று சொல்பவர்களும் உங்களில் நிறையப் பேர். அந்த எண்ணம் நல்லதுதான். ஆனால் இயற்கை என்ற பெயருக்குள்ளும் விஷம் இருக்கிறது. காப்பித்தூளையும் புகையிலைத்தூளையும் பிசைந்து சின்ன உருண்டையாக்கி அலமாரி மூலையில் வைத்தால் பல்லி செத்துவிடும் என்று ஒரு குறிப்பு சுற்றிக்கொண்டே இருக்கிறது. புகையிலையில் இருக்கிற நிகோட்டின் சாதாரண விஷம் அல்ல. பார்ப்பதற்குச் சாக்லேட் உருண்டை மாதிரி இருப்பதை ஒரு குழந்தை விழுங்கினால் எறும்புச் சாக்கை விழுங்கியதைவிட நிலைமை மோசமாகும். கற்பூரமும் அப்படித்தான். வாசனைக்கு எறும்பு கொஞ்சம் விலகும். ஆனால் சின்னக் குழந்தை ஒரு கிராம் அளவு விழுங்கினாலே வலிப்பு வரக்கூடும். பாச்சை உருண்டை இயற்கைப் பொருளே அல்ல. நாஃப்தலீன் உருண்டையின் வாடை அரிசியிலும் எண்ணெயிலும் ஏறும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள்காமாலையும் சோகையும் வரவைக்கும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று சோதிக்காமல் தெரியாது. இந்த மூன்றுக்கும் சமையல்கூடத்தில் இடம் இல்லை.

கெடுதல் இல்லாதவை என்றால் மஞ்சள்தூள், வேப்பிலை, கிராம்பு, எலுமிச்சைத் தோல், மிளகுத்தண்ணீர். ஈரோட்டு மஞ்சளை நம்மிடம் யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எறும்பு விஷயத்தில் அது செய்வது கொஞ்சம்தான். காய்ந்த தூள் எறும்பின் காலில் ஒட்டும், வழியில் எறும்பு பூசிவிட்டுப் போன வாசனையை மூடும். அதனால் வரிசை சில மணி நேரம் குழம்பும், பிறகு சுற்றி வரும். முட்டை ஓட்டைக் கட்டித் தொங்கவிட்டால் பல்லி வராது என்பதில் உண்மை இல்லை. சத்துணவில் முட்டை இருப்பதால் உங்களிடம் ஓட்டுக்குப் பஞ்சம் இல்லை. அதை மாட்டிவைத்தால் உள்ளே ஒட்டியிருக்கிற வெள்ளைக்கருவுக்கு எறும்புதான் வரும்.

எதில்தான் பலன் இருக்கிறது? எறும்புக்கு நான் சொல்வது மூன்று வேலை, சொல்கிற வரிசையிலேயே செய்ய வேண்டும். திங்கள்கிழமை காலையில் வந்து கதவைத் திறக்கிறீர்கள், மேடை ஓரத்தில் கறுப்பாக ஒரு வரிசை ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே துடைத்துவிடாதீர்கள். டார்ச் அடித்து அந்த வரிசை எந்தப் பக்கம் போகிறது, எந்த ஓட்டையில் மறைகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் தண்ணீர்க் குழாய் சுவருக்குள் நுழைகிற இடம், சன்னல் சட்டத்தின் கீழ்மூலை, மேடைக் கல்லும் சுவரும் சேருகிற கோடு ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் அவை தண்ணீருக்காகவே உள்ளே வரும். ஐப்பசி மழையில் புற்றுக்குள் தண்ணீர் போனதால் வரும். ஓட்டையைச் சுண்ணாம்புக்கட்டியால் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பாத்திரம் துலக்குகிற சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, ஓட்டையிலிருந்து இரை வரை முழு வழியையும் அழுத்தித் துடையுங்கள். கண்ணுக்குத் தெரிகிற எறும்பை மட்டும் துடைத்தால் போதாது. முதலில் போன எறும்பு பூசிவிட்டுப் போன வாசனைக் கோட்டைப் பிடித்துத்தான் மற்றவை வருகின்றன, அந்தக் கோடு அழிய வேண்டும். வெறும் தண்ணீரில் அது போகாது.

இரண்டாவது வேலை ஓட்டையை அடைப்பது. வெள்ளை சிமென்ட் ஒரு கைப்பிடி போதும், குழாயைச் சுற்றி என்றால் பிசைந்து ஒட்டுகிற எம்சீல். காசு அதிகம் ஆகாது. அடைத்த பிறகு பக்கத்தில் புது ஓட்டை வழியாக வந்தால் அதையும் குறித்து அடையுங்கள். ரவை, சர்க்கரை, வெல்லம் எல்லாம் மூடி இறுகுகிற டின்னில் இருக்கட்டும். டின்னை வைக்கிற மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்துகிற நம் பாட்டிமார் வழி இன்றைக்கும் மற்ற எல்லாவற்றையும்விட மேல். ஒரே ஒரு கவனம் வேண்டும். தேங்கிய தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிட்டுப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால் வாரத்துக்கு இரண்டு முறை கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றுங்கள். இரண்டு சொட்டு சோப்பு விட்டால் எறும்பு நீந்திக் கடக்கவும் முடியாது.

இவ்வளவும் செய்து இரண்டு வாரம் கழித்தும் எறும்பு குறையவில்லை என்றால் மட்டும் மூன்றாவது வேலை: புற்று வரை போகிற இரைமருந்து. கேரம் போர்டுக்குத் தூவுகிற பவுடர் பல போரிக் அமிலம்தான், ஆனால் எல்லாம் அல்ல. ஆகவே மருந்துக்கடையில் போரிக் ஆசிட் பவுடர் என்று பெயர் சொல்லி வாங்குங்கள். 200 மில்லி வெந்நீரில் தட்டையாக நாலு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் போரிக் பவுடரும் கரைத்தால் சுமார் 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். அதற்கு மேல் போடாதீர்கள். கூடினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், புற்றுக்குக் கொண்டுபோகாது. பஞ்சில் நனைத்து பாட்டில் மூடியில் வைத்து, பக்கவாட்டில் ஊசித்துளை போட்ட ஒரு பழைய டப்பாவுக்குள் அந்த மூடியை வைத்து, டப்பாவை டேப் ஒட்டி மூடுங்கள். எறும்பு நுழையும், குழந்தையின் விரல் நுழையாது. ஒரு மூடி கரைசலில் 50 மில்லிகிராம் அளவு போரிக் அமிலம்தான் இருக்கும். ஆனால் பாட்டில் நிறையக் கரைத்து வைத்தால் அதைக் குடித்துவிடுகிற குழந்தைக்கு அது கடும் விஷம். தேவைக்கு மட்டும் கரைத்து மிச்சத்தை அன்றே கொட்டிவிடுங்கள், தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். டப்பாவைச் சமையல்கூடத்துக்கு வெளியே, ஓட்டைக்கு நேரான வெளிச்சுவர் ஓரத்தில், பள்ளி விட்ட பிறகு தலைமையாசிரியருக்குச் சொல்லிவிட்டு வையுங்கள். காலையில் எடுத்துப் பூட்டிவிடுங்கள். முதல் இரண்டு நாள் எறும்பு அதிகமாக வரும். அது நல்ல அறிகுறி, அடித்து விரட்டாதீர்கள். ஒரு வாரம், பத்து நாளில் குறையும். சர்க்கரையை எறும்பு மோந்துகூடப் பார்க்கவில்லை என்றால் அவற்றுக்கு அப்போது கொழுப்பு தேவை. ஒரு காகிதத்தில் ஒரு சொட்டு சர்க்கரைத்தண்ணீரும் கொஞ்சம் வேகவைத்த மஞ்சள்கருவும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அரைமணி கழித்துப் பாருங்கள். எதில் கூட்டம் கூடுகிறதோ அதில் கலக்க வேண்டும்.

இனி பல்லி. இதில் மனசில் இருக்கிற பயத்தை முதலில் இறக்கி வைக்க வேண்டும். நம் வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லிக்கு விஷப் பையும் இல்லை, விஷப் பல்லும் இல்லை. பல்லி விழுந்த சாப்பாடு விஷமாகிவிடுகிறது என்பது தவறு. ஆனால் அந்தச் சாப்பாட்டைக் கொட்டித்தான் ஆக வேண்டும், அதில் இரண்டாவது பேச்சு கிடையாது. காரணம் வேறு. பல்லியின் குடலிலும் எச்சத்திலும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கும். கொதிக்கிற சாம்பாரில் விழுந்தால் அது செத்துவிடும். ஆக்கி இறக்கிய பிறகு, வெதுவெதுப்பான பொங்கலில் விழுந்து இரண்டு மணி நேரம் இருந்தால் பெருகும்.

இந்த விஷயத்தை வைத்து இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த மடலிலேயே முக்கியமானதாக நான் நினைப்பது இதைத்தான். சால்மோனெல்லாவால் வயிற்றுப்போக்கும் வாந்தியும் காய்ச்சலும் வர குறைந்தது ஆறு மணி நேரம் ஆகும், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள். சாப்பிட்டுப் பத்து நிமிடத்தில், அரைமணியில் குழந்தைகள் வாந்தி எடுத்தால் அது பல்லிக் கிருமி அல்ல. ஒரு குழந்தை பல்லியைப் பார்த்துவிட்டுக் கத்தியதில் மற்றக் குழந்தைகளுக்குப் பயத்தில் வாந்தி வந்திருக்கலாம். இல்லையென்றால் சாப்பாட்டில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. எதுவாக இருந்தாலும் 108ஐ அழைத்துக் குழந்தைகளை மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அப்போது பல்லி விழுந்தது என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், நேற்று மாலை ஸ்ப்ரே அடித்தோம், மேடையில் சாக்கு போட்டிருந்தோம், அலமாரியில் தூள் இருந்தது என்று நடந்ததை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். வேலை போய்விடுமோ என்று மறைக்காதீர்கள். மோனோகுரோட்டோபாஸ் வகை விஷத்துக்கு அட்ரோபின் என்ற மாற்றுமருந்து இருக்கிறது, சைபர்மெத்ரின் வகைக்குத் தனி மாற்றுமருந்து கிடையாது, சிகிச்சை முறையும் வேறு. எது என்று தெரியாமல் மருத்துவர் தேடுகிற ஒவ்வொரு நிமிடமும் குழந்தைக்கு இழப்பு. கொட்டிய சாப்பாட்டில் கொஞ்சத்தை மூடிய டப்பாவில் சோதனைக்கு எடுத்து வையுங்கள்.

பல்லியை மருந்து வைத்துக் கொல்ல முயலாதீர்கள். செத்த பல்லிதான் மேற்கூரையிலிருந்து குண்டாவுக்குள் விழும். உயிரோடு இருக்கிற பல்லி பெரும்பாலும் ஆவியும் சூடும் கண்டு விலகிப் போகும். பல்லி எதற்கு வருகிறது என்று பார்த்தால் பூச்சிக்கு வருகிறது, பூச்சி வெளிச்சத்துக்கு வருகிறது. இரவெல்லாம் சமையல்கூட வாசலில் எரிகிற வெள்ளை டியூப் லைட்டைக் கதவிலிருந்து தள்ளி மாற்றினாலோ, மஞ்சள் நிற எல்.இ.டி. போட்டாலோ பூச்சி குறையும், சில வாரத்தில் பல்லியும் குறையும். சிமென்ட் அட்டைக் கூரையின் வளைவுக்கும் சுவருக்கும் இடையே இருக்கிற சந்துதான் அவற்றின் பெருவழி. பென்சில் நுழைகிற சந்தில் பல்லி நுழையும். அங்கே கொசுவலைக் கம்பியைச் சுருட்டித் திணித்துச் சாந்து பூசச் சொல்லுங்கள். சன்னலுக்கு வலை, கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை போதும். அலமாரிக்குப் பின்னால் சுண்டைக்காய் அளவில் வெள்ளையாக இரண்டு முட்டை ஒட்டியிருந்தால் அங்கே குடியிருக்கிறது என்று அர்த்தம்.

எச்சத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். கறுப்பாக, சிறு குச்சிபோல, ஒரு நுனியில் வெள்ளைப் பொட்டு இருந்தால் பல்லி. வெள்ளை நுனி இல்லாமல் அரிசி அளவில் கறுப்பாக மட்டும் இருந்தால் சுண்டெலி. சுண்டெலிக்குச் செய்ய வேண்டிய வேலை முற்றிலும் வேறு, அதற்கும் விஷம் வைக்கக் கூடாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலிமருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்துபோனதை மறக்க வேண்டாம். பொறி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் மூடி. இறக்கிய குண்டாவை உடனே மூடுங்கள். கரண்டி நிற்பதற்காக மூடியைச் சாய்த்து வைக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள், பல்லி விழ அந்தச் சந்து போதும். கரண்டிக்குத் தனித்தட்டு வையுங்கள். விடிகாலையில் போசியையும் குண்டாவையும் கவிழ்த்து ஒருமுறை கழுவிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும், இரவில் என்ன ஏறிப் போயிருந்தாலும் அதோடு போகும்.

பள்ளி நிர்வாகம் ஏதாவது மருந்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், டப்பாவில் சாய்ந்த சதுரம் ஒன்று அச்சிட்டிருக்கும், அதன் கீழ்முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். 1971ஆம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகளின்படி சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், கடைசியில் பச்சை. சிவப்பும் மஞ்சளும் பள்ளி வளாகத்துக்குள் வரவே கூடாது. பச்சைக்கும் சமையல்கூடத்துக்குள் இடம் இல்லை. வெளியே, வேறு அறையில், பூட்டிய பெட்டியில், வாங்கிய டப்பாவிலேயே இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளும் உணவோடு சேர்த்து மருந்து வைக்கக் கூடாது என்றுதான் சொல்கின்றன. அதைக் காட்டி நீங்கள் மறுக்கலாம், உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

குழந்தை சாக்கையோ தூளையோ வாயில் வைத்துவிட்டால் ஈரத்துணியால் வாயைத் துடையுங்கள், விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத்தண்ணீர், புளித்தண்ணீர் எதுவும் கொடுக்க வேண்டாம். ஸ்ப்ரே டின் மருந்தையோ எண்ணெய் கலந்ததையோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரவைக்கும். கண்ணில் பட்டால் கால்மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள், தோலில் பட்டால் சோப்புப் போட்டு. மருந்து டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய விஷ முறிவுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. 108க்குப் பக்கத்தில் அதையும் சமையல்கூடக் கதவின் உள்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். இந்த வாரமே, அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பு அலமாரியின் மேல்தட்டை ஒருமுறை காலி செய்து பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
கோவையிலிருந்து உங்கள் சகோதரி